கடிதத்தின் பின்பக்கத்தில் இருக்கும் விண்ணப்பம்

கேள்வி: ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்த நான், தேயிலையின் கொப்புள நோயைப் பற்றி முதுநிலை ஆராய்ச்சி செய்து வருகிறேன். வரும் ஏப்ரலில் ஐரோப்பாவில் கூடும் தாவர நோயியல் மாநாட்டில் என் போஸ்டர் ஏற்கப்பட்டிருக்கிறது. பிரயாண உதவித்தொகை கேட்பவர்கள், மாநாடு தங்கள் நடப்பு ஆராய்ச்சிக்கு எவ்வாறு பயன்படும் என்று முந்நூறு சொற்களில் எழுத வேண்டுமாம். ‘பல நாட்டு அறிஞர்களைச் சந்தித்து அறிவைப் பெருக்கிக்கொள்வேன்’ என்பதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை. குடும்பத்தின் வறுமையைச் சொல்லலாமா?
– வாசகி, ஹட்டன்

பதில்: தாங்கள் எழுதிய அந்த வாக்கியத்தை நெல்லை ஆராய்பவரும் எழுதலாம், நட்சத்திரங்களை ஆராய்பவரும் எழுதலாம், ஆகையால் அதைப் படிக்கும் குழுவினருக்குத் தங்களைப் பற்றி ஒன்றும் தெரியப்போவதில்லை. வேலை எந்த இடத்தில் தடைப்பட்டு நிற்கிறது, அந்தத் தடையை நீக்கத் தக்கவர் அங்கே யார், திரும்பி வந்ததும் எதை மாற்றப்போகிறீர்கள் என்ற மூன்றையுமே அவர்கள் தேடுகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், கடிதத்தின் பின்பக்கத்தில், இலை ஈரமானியைப் பற்றித் தாங்கள் அலுத்துக்கொண்டு எழுதியிருக்கும் நான்கு வரிகளில் இதற்கான விஷயம் முழுவதும் கிடக்கிறது.

கொப்புள நோய் 1946ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்தது. தினசரி வெயில் நேரத்தையும் மழையையும் கொண்டு அதன் போக்கை அறியும் வழியை விஸ்ஸர், சண்முகநாதன், சபாநாயகம் ஆகியோர் 1961இல் வெளியிட்ட கட்டுரையில் ஆராய்ந்தனர். தாங்களோ வெயிலை விட்டு, கொழுந்தின் மேல் ஈரம் எத்தனை மணி நேரம் தங்குகிறது என்று நேரடியாக அளக்கப் புகுந்திருக்கிறீர்கள். ஆனால் மழை பெய்தால் ‘ஈரம்’ என்று சொல்லும் கருவி, மூடுபனி கவிந்து கொழுந்து நனைந்திருக்கும் விடியற்காலையில் ‘காய்ந்திருக்கிறது’ என்று சாதிக்கிறது. பனியின் நுண்துளிகள் அதன் இரு கம்பிக்கோடுகளையும் தொட்டு இணைக்கப் போதாமையே காரணம்.

இனி, குழுவினருக்கு நியாயமான ஒரு சந்தேகம் எழும். இந்நோய் ஆசியத் தேயிலை நாடுகளைத் தாண்டாதது. ஐரோப்பிய மாநாட்டில் இதைக் கண்ணால் கண்டவர்களே சிலராகத்தான் இருப்பார்கள். அப்படியிருக்க, அங்கே போவானேன்? இதை மறைக்காமல் தாங்களே எழுப்பி விடையளிப்பதுதான் விண்ணப்பத்தின் உயிர்நிலை. தங்கள் சிக்கல் தேயிலையின் சிக்கலன்று, இலை ஈரத்தின் சிக்கல். ஆப்பிளின் சொறி நோய்க்கு, இலை நனைந்திருக்கும் நேரத்தையும் வெப்பத்தையும் சேர்த்து மில்ஸ் என்பவர் 1944இலேயே அட்டவணை வகுத்தார். திராட்சையின் அடிச்சாம்பல் நோயையும் அங்குள்ளவர்கள் இவ்வழியில் முன்னறிகிறார்கள். ஈரமானியின் மீது லேட்டெக்ஸ் வண்ணம் பூசி நுண்துளிகளைப் பரவச் செய்வதும், அதைச் சாய்த்துப் பொருத்துவதும் அவர்களுக்குப் பழகிய காரியங்கள்.

இவற்றை நூலகத்தில் படித்துக்கொள்ளலாமே என்று குழுவினர் கேட்பார்கள். பூச்சு உண்டென்பதைப் படித்து அறியலாம். ஆனால் மேசைபோல் மட்டமாக வெட்டி வளர்க்கும் தேயிலைச் செடியின் மேற்பரப்பில் எந்தச் சாய்வில், எந்த உயரத்தில் வைப்பது என்பதைத் தாங்கள் அதைப் பொருத்தியிருக்கும் விதத்தின் படத்தைப் பார்த்தபடியேதான் ஒருவர் சொல்ல இயலும். மேடையில் பேசுபவருக்குக் கிடைக்கும் நேரம் சில நிமிஷங்கள். போஸ்டரின் அருகே நிற்பவரோ ஒரே மனிதரைக் கால் மணி நேரம் பிடித்து நிறுத்திவைக்கலாம். ஆதலால் கருவி தவறிய நாட்களின் வரைபடத்தைப் போஸ்டரின் நடுவிலேயே போடுங்கள். வெற்றியை மட்டும் காட்டுகிற போஸ்டரைப் பாராட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள்.

விண்ணப்பத்தின் மையப் பகுதி ஏறக்குறைய இப்படி அமையலாம்: ‘என் ஈரமானி மழையைப் பதிகிறது, மூடுபனியைப் பதிவதில்லை. திராட்சைத் தோட்டங்களில் இக்குறையைத் தீர்த்தவர்கள் இம்மாநாட்டின் நோய் முன்னறிவிப்பு அமர்வில் பங்கேற்கிறார்கள். அவர்களில் இருவருக்கு முன்கூட்டியே எழுதியிருக்கிறேன். ஏப்ரலில் பெறும் ஆலோசனைப்படி கருவியைத் திருத்தி, ஜூன் தொடக்கத்துத் தென்மேற்குப் பருவமழைக்குள் மீண்டும் பொருத்துவேன். பாதிக் கருவிகளை ஒப்பீட்டுக்காகப் பழையபடியே விடுவேன்.’ ஏப்ரலுக்குப் பின் ஜூன் வருகிறது என்ற அற்ப விஷயந்தான் இங்கே பெரிய வாதம். ஒரு வருஷம் தாமதித்தால் ஒரு பருவத்தின் அளவுகள் போயின. அந்த இருவருக்கும் மெய்யாகவே எழுதிவிட்டுத்தான் அவ்வரியைச் சேர்க்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வறுமையைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்குரிய இடம் செலவுக் கணக்கு: விமானக் கட்டணம், வீசா, பதிவுக் கட்டணம், தங்குமிடம், இவற்றில் பல்கலைக்கழகம் தருவது இவ்வளவு, எஞ்சுவது இவ்வளவு என்று எழுதினால் அந்த எண்களே பேசும். பயன் குறித்த பகுதியில் லயத்தைக் கொண்டுவந்து இரக்கத்தை வேண்டுவது எனக்கு உடன்பாடில்லை. ஆயினும் விடியற்காலையில் மலைக்குப் போகும் கொழுந்துக்காரப் பெண்களைக் கொண்டு, இலை நனைந்திருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்த்துக் குறிக்கச் செய்து, கருவியின் கூற்றைச் சரிபார்த்திருக்கிறீர்களே, அது ஆராய்ச்சி முறை. அந்தத் தோட்டத்தில் பிறந்தவருக்கே எளிதில் வாய்த்த முறை. அதை அவசியம் எழுதுங்கள்.

இன்னொன்று. சில நிதிகள் பணத்தை முன்னதாகத் தருவதில்லை. போய்வந்து ரசீதுகளைக் காட்டிய பிறகே தருகின்றன. கையில் பணமில்லாதவருக்கு அவ்வித உதவி உதவியே அன்று. விதிகளில் அது தெளிவாக இல்லையென்றால், விண்ணப்பிக்கும் முன்பே செயலாளருக்கு எழுதி, விமானச் சீட்டை அவர்களே நேராக வாங்கித் தருவார்களா என்று கேட்டுவிடுங்கள்.