ரேட்டைக் குறைத்தால் டெண்டர் கிடைத்துவிடுமா?

வரிசையாக நான்கைந்து டெண்டர் கைநழுவினால் கட்டட ஒப்பந்த நிறுவனங்களில் எடுக்கப்படும் முடிவு பெரும்பாலும் ஒன்றுதான்: “நம்ம ரேட் கூட, அடுத்ததுல ஏழெட்டு பர்சன்ட் குறைச்சுப் போடுவோம்.” இந்த நம்பிக்கைக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டின் 1998-ஆம் ஆண்டு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி, தகுதியான ஒப்பந்தப்புள்ளிகளில் மிகக் குறைந்ததற்கே பணி போகிறது. ஆனால் அந்தத் ‘தகுதியான’ என்ற நிபந்தனை நிறுவனத்தின் காதில் விழுவதில்லை. இரண்டு கவர் முறையில் தொழில்நுட்பக் கவரிலேயே தள்ளுபடியானவருடைய விலைக் கவரை யாரும் திறப்பதே இல்லை. திறக்காத கவருக்குள் இருந்த ரேட் கூடவா குறைவா என்ற கேள்விக்கே இடமில்லை. ஆகவே, தோற்றவற்றை எல்லாம் ஒரே குவியலாக வைத்துக்கொண்டு “விலையால் தோற்றோம்” என்பது கணக்குப் பார்க்காத பேச்சு.

கணக்கு எப்படிப் பார்ப்பது என்பதற்கு ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். பள்ளிக் கட்டடம், அலுவலகக் கட்டடம் போன்ற வேலைகளுக்கு இரண்டு ஆண்டுகளில் 30 டெண்டர் போட்டு 5 மட்டும் கிடைத்திருக்கிறது. ஆறுக்கு ஒன்று என்பது மோசமாகத் தெரியும். ஒவ்வொரு கோப்பையும் எடுத்து அது எந்தக் கட்டத்தில் நின்றது என்று மட்டும் குறித்தால் படம் மாறுகிறது. அவற்றில் 4 டெண்டர்களைத் துறையே ரத்து செய்துவிட்டது. அவை தோல்விக் கணக்கில் வரக்கூடாது. 7 தொழில்நுட்பக் கவரில் விழுந்தவை. விலை திறக்கப்பட்டவை 19. அதில் வென்றவை 5, அதாவது ஏறக்குறைய நாலுக்கு ஒன்று. விழுந்த ஏழில் ஐந்துக்குக் காரணம் ஒன்றே என்று வைத்துக்கொள்வோம்: கேட்ட அளவுக்கு ஒரே மாதிரியான பணியை முடித்த சான்றிதழ் இல்லை. மத்தியப் பொதுப்பணித்துறை வழக்கமாகக் கேட்பது, கடந்த ஏழு ஆண்டுகளில் மதிப்பீட்டில் 40 சதவீத அளவுக்கு மூன்று பணிகள், அல்லது 60 சதவீத அளவுக்கு இரண்டு, அல்லது 80 சதவீத அளவுக்கு ஒன்று. ஒரு கோடி ரூபாய் வேலைக்கு 80 லட்சத்தில் ஒரு பணியோ, 60 லட்சத்தில் இரண்டோ, 40 லட்சத்தில் மூன்றோ கையில் இருக்க வேண்டும்; 35 லட்ச வேலைகள் பத்து முடித்திருந்தாலும் செல்லாது. இங்கே மார்ஜினைக் குறைத்துப் பயனில்லை. போடும் டெண்டரின் அளவைக் குறைக்க வேண்டும், இல்லையேல் தகுதி தரக்கூடிய ஒரு நடுத்தர வேலையை முதலில் பிடிக்க வேண்டும்.

சரி, விலையில் தோற்ற 14 இருக்கின்றனவே, அங்கேயாவது ஒட்டுமொத்தமாகக் குறைக்கலாமே என்று கேட்கலாம். அதற்கு முன் எந்த ஐட்டத்தில் கூடியது என்று பார்க்க வேண்டும். ஐட்டம் வாரியாக ரேட் கேட்கும் டெண்டர்களில், விலை திறந்த பிறகு எல்லோருடைய ரேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த ஒப்பீட்டுப் பட்டியல் உருவாகிறது. tntenders.gov.in போன்ற தளங்களில் வெளியாகும் விவரங்களை அன்றே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. நம் நிறுவனம் ஒரு டெண்டரில் 86.4 லட்சம் போட்டது. எல்-1 போட்டது 80.1 லட்சம். வித்தியாசம் 6.3 லட்சம். பிரித்துப் பார்த்தால் மண்வேலை, கான்கிரீட், செங்கல் கட்டு, பூச்சு எல்லாம் சேர்த்து நமக்கு 64.4, அவருக்கு 63.3, வெறும் 1.1 லட்சம்தான் கூட. மீதி 5.2 லட்சம் முழுவதும் எலெக்ட்ரிக்கலிலும் பிளம்பிங்கிலும் இருக்கிறது: நமக்கு 22, அவருக்கு 16.8. காரணத்தைத் தேடினால், அந்த வேலைக்கு ஒரே சப்-கான்ட்ராக்டரிடம் 18.3 லட்சத்துக்கு கொட்டேஷன் வாங்கி, சிவில் வேலைக்கு வைக்கும் அதே 20 சதவீதத்தை அதன் தலையிலும் ஏற்றியிருக்கிறார்கள். சப்-கான்ட்ராக்டர் ஏற்கெனவே தன் லாபத்தை வைத்துத்தான் கொடுத்திருப்பார். ஆக ஒரே வேலைக்கு இரண்டு லாபம்.

இப்போது அந்த ‘ஏழெட்டு பர்சன்ட்’ யோசனையை இதே டெண்டரில் போட்டுப் பாருங்கள். எல்-1-ஐ எட்ட எல்லா ரேட்டிலும் 7.3 சதவீதம் வெட்ட வேண்டும். அப்படி வெட்டினால் சிவில் வேலை 59.7 லட்சத்துக்கு இறங்குகிறது. எல்-1 வாங்கியதைவிடவும் 3.6 லட்சம் குறைவு! போட்டிக்கு ஏற்ற விலையில் இருந்த வேலையில் காசை விட்டுவிட்டு, கூடுதலாக இருந்ததை இன்னும் கூடுதலாகவே வைத்திருக்கிறோம். மாறாக இரண்டாவது ஒரு சப்-கான்ட்ராக்டரைக் கேட்டு 16.5 லட்சத்துக்கு முடித்து, மேற்பார்வைக்கென்று 8 சதவீதம் மட்டும் வைத்தால் மொத்தம் 82.2 லட்சம். இன்னும் எல்-1 ஆகவில்லை என்பது உண்மைதான். ஆனால் 6 லட்சத்துக்கு மேல் இருந்த இடைவெளி சுமார் 2 லட்சமாகிவிட்டது. அதை விட்டுக்கொடுப்பதா வேண்டாமா என்பது யோசித்து எடுக்கக்கூடிய முடிவு.

இதற்கு வரும் ஆட்சேபங்களில் சில நியாயமானவை. எல்-1 சில ஐட்டங்களில் வேண்டுமென்றே குறைத்து, முதலில் பில் ஆகும் அஸ்திவார வேலைகளில் கூட்டிப் போடுவது உண்டு. ஆகவே ஒரு பட்டியலைப் பார்த்து முடிவுகட்டக் கூடாது. வெவ்வேறு டெண்டர்களில், வெவ்வேறு எல்-1-களுக்கு எதிராக அதே ஐட்டம் திரும்பத் திரும்பக் கூடினால்தான் குறை நம்முடையது. எஸ்டிமேட்டுக்கு மேலா கீழா என்று ஒரே சதவீதம் மட்டும் கேட்கும் டெண்டரில் இந்த ஒப்பீடே கிடைக்காது. அங்கே துறையின் எஸ்டிமேட்டை நம் அடக்கவிலையோடு வரிவரியாக வைத்துப் பார்ப்பதே வழி. பழைய கோப்புகளில் வரியையும் கழித்துவிட வேண்டும்: அரசுப் பணிகள் பலவற்றுக்கு 2022 ஜூலை 18 முதல் ஜி.எஸ்.டி. 12-லிருந்து 18 சதவீதமானது. 19 டெண்டர் போதாது என்பார்கள். வெற்றி-தோல்வி எண்ணிக்கைக்குப் போதாதுதான். ஆனால் ஒவ்வொன்றிலும் எத்தனை சதவீதத்தில் தோற்றோம் என்று எழுதினால் அந்த 14 எண்களே நிறையச் சொல்லும்.

“எல்லாம் சிண்டிகேட், முன்னாடியே பேசி வைச்சது” என்பது கடைசி ஆட்சேபம். பேசி வைப்பது 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டப்படி தடைசெய்யப்பட்டது. நடப்பதில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அதையும் இதே கோப்புகளில்தான் கண்டுபிடிக்க முடியும்: ஒரே அலுவலகத்தில் அதே மூன்று பேர் முறைவைத்து எல்-1 ஆவதும், தோற்பவர்களின் ரேட்டுகள் ஒரே அளவு இடைவெளியில் அடுக்கி வைத்ததுபோல் இருப்பதும் சந்தேகத்துக்குரிய அறிகுறிகள். இவை தெரிந்தால் அந்த அலுவலகத்துக்கு இ.எம்.டி. கட்டுவதை நிறுத்தலாம். தெரியாத இடத்தில் சிண்டிகேட் என்பது வெறும் சமாதானம்.

பலரும் திறந்தே பார்க்காதது வென்ற கோப்புகளை. அந்த ஐந்தில் எல்-2-வின் ரேட் நம்மைவிட ஒன்றிரண்டு சதவீதம் கூட என்றால் கவலையில்லை. 10 சதவீதம் கூட என்றால், தண்ணீர் இறைக்கும் செலவோ சாரச் செலவோ எதையோ கணக்கில் விட்டிருக்கிறோம், அல்லது வாங்கியிருக்கக்கூடிய பணத்தை மேஜையிலேயே விட்டுவிட்டோம். தோற்ற டெண்டரில் போனது டெண்டர் தயாரித்த செலவு மட்டும். இப்படி வென்றதில் போவது வேலை முடியும்வரை கைக்காசு.