வீட்டுத் தொட்டியில் எத்தனை லீற்றர்?

நாளை முழுவதும் நீர் வெட்டு என்று அறிவித்தால், எல்லோரும் குளியலறைச் சீமெந்துத் தொட்டியை நிரப்பி வைப்போம். அந்த நீர் ஒரு நாளுக்குப் போதுமா, இரண்டு நாளுக்கா என்பதை ஓர் அளவு நாடாவால் கண்டுபிடிக்கலாம்.

செவ்வகத் தொட்டியின் கனவளவு நீளம் × அகலம் × உயரம் என்பது நாம் அறிந்ததே. ஆனால் எங்கே அளப்பது? நீர் நிற்பது சுவர்களுக்கு உள்ளே. ஆகவே உட்பக்கத்தையே அளக்க வேண்டும்.

ஒரு தொட்டியின் உள் நீளம் 120 செ.மீ., உள் அகலம் 80 செ.மீ., உள் உயரம் 75 செ.மீ. என்போம்.

120 × 80 × 75 = 7,20,000 கன சென்ரிமீற்றர்
7,20,000 ÷ 1000 = 720 லீற்றர்

ஏன் 1000 ஆல் வகுக்கிறோம்? ஒவ்வொரு பக்கமும் 10 செ.மீ. உள்ள ஒரு கனசதுரப் பெட்டி சரியாக 1 லீற்றர் கொள்ளும். அதன் கனவளவு 10 × 10 × 10 = 1000 கன சென்ரிமீற்றர். நமது தொட்டியின் அடியில் இத்தகைய பெட்டிகளை நீளவாக்கில் 12, அகலவாக்கில் 8 என அடுக்கினால், ஓர் அடுக்கில் 96 பெட்டிகள் இருக்கும். 75 செ.மீ. உயரத்திற்கு ஏழரை அடுக்குகள். 96 × 7.5 = 720. விடை ஒன்றே.

சிலர் சென்ரிமீற்றரை மீற்றராக்கும் நினைவில் 100 ஆல் வகுத்து 7200 லீற்றர் என்பர். ஒரு கன மீற்றரே 1000 லீற்றர்தான். இத்தொட்டியோ 1.2 × 0.8 × 0.75 = 0.72 கன மீற்றர். ஆகவே 1000 ஐத் தாண்டிய விடை பிழை என்று உடனே தெரிந்துவிடும்.

வெளிப்பக்கத்தை அளந்தால் வரும் பிழை இவ்வளவு இலகுவில் தெரியாது. சுவர்களும் அடித்தளமும் 10 செ.மீ. தடிப்பு எனின், வெளி அளவுகள் 140, 100, 85 செ.மீ. ஆகும். அவற்றைப் பெருக்கினால் 1190 லீற்றர் வரும். மேலதிகமாக வந்த 470 லீற்றர் நீரல்ல, சீமெந்தும் கல்லும்!

இன்னுமொன்று: மேலதிக நீர் வெளியேறும் குழாய் அடியிலிருந்து 70 செ.மீ. உயரத்தில் இருந்தால், நீர் அதற்கு மேல் ஏறாது. தண்ணீர்க் குழாய் 5 செ.மீ. உயரத்தில் இருந்தால், அதற்குக் கீழுள்ள நீர் குழாயால் வராது. வாளியால்தான் அள்ள வேண்டும். ஆகவே குழாயில் கிடைப்பது 65 செ.மீ. உயர நீரே.

120 × 80 × 65 ÷ 1000 = 624 லீற்றர்

ஆறு பேர் உள்ள வீட்டில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 100 லீற்றர் எனக் கொண்டால், தேவை 600 லீற்றர். வெளி அளவை நம்பியவர் ஏறத்தாழ இரண்டு நாளுக்கு நீர் உண்டு என்றிருப்பார். உண்மையில் இருப்பது ஒரு நாளுக்கே.

மீதியைக் கணிப்பதும் இலகு. அடிப்பரப்பு 120 × 80 = 9600 சதுர சென்ரிமீற்றர் என்பதால், ஒவ்வொரு சென்ரிமீற்றர் உயரத்திலும் 9.6 லீற்றர் நீர் உண்டு. ஒரு கோலை நேராக அடிவரை இறக்கி, நனைந்த உயரத்தை அளந்து 9.6 ஆல் பெருக்குங்கள். 30 செ.மீ. நனைந்திருந்தால் தொட்டியில் இருப்பது 288 லீற்றர்.