வாசனையை இழுக்கும் தேயிலை

பாண்டுப் ரயில் நிலையத்துக்கு அருகில் ஓர் அக்கா டீக்கடை வைத்திருக்கிறார். ஊர் திருநெல்வேலிப் பக்கம். கடைக்குப் பக்கத்தில் ஓர் ஆச்சி பூ விற்கிறார். தாதர் பூச்சந்தையில் விடியற்காலையில் பூ வாங்குவார். ரயிலில் கொண்டு வந்து, உட்கார்ந்து கட்டுவார்.

அது ஜூலை மாதம். விடாத மழை. அன்று காலை ஓர் ஆட்டோக்காரர் டீயை ஒரு வாய் குடித்தார். முகம் சுளித்தார்.

"அக்கா, டம்ளரைச் சரியாகக் கழுவவில்லையா? சோப்பு வாசனை அடிக்கிறதே!"

அக்கா டம்ளரை முகர்ந்தார். டம்ளரில் வாசனை இல்லை. தேயிலைப் பையைத் திறந்து முகர்ந்தார். அதில்தான் சோப்பு வாசனை இருந்தது.

மழைக்கு முன்பு விலை குறைவாகக் கிடைத்தது என்று 5 கிலோ தேயிலைத் தூள் வாங்கியிருந்தார். அதை வாய் கட்டாத பையில், அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருந்தார். பக்கத்திலேயே துணி சோப்பு. அதற்கு அடுத்து கரம் மசாலா டப்பா. கடையில் ஒரு நாளைக்குக் கால் கிலோ தூள் செலவாகும். 5 கிலோ தீர 20 நாள் ஆகும். வைத்த நாளிலிருந்தே தூள் சும்மா இருக்கவில்லை. பக்கத்தில் இருந்த வாசனையை எல்லாம் இழுத்துக்கொண்டே இருந்தது.

தேயிலை ஏன் இப்படி இழுக்கிறது? தேயிலையைத் தொழிற்சாலையில் நன்றாகக் காய வைக்கிறார்கள். வெளியே வரும்போது 100 கிராம் தேயிலையில் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீர்தான் இருக்கும். இலை முழுவதும் கண்ணுக்குத் தெரியாத சிறு துளைகள். காய்ந்த பஞ்சு தண்ணீரை இழுப்பது போல, காய்ந்த தேயிலை காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். ஈரத்தோடு வாசனையையும் இழுக்கும். அதே நேரத்தில் அதன் சொந்த மணம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போய்விடும். இலையைவிடத் தூள் சீக்கிரம் மணம் இழக்கும். தூளில் காற்றுப் படும் இடம் அதிகம் அல்லவா?

மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றே ஈரம். உப்பு கசிகிறது, அப்பளம் நமுத்துப் போகிறது. தேயிலை மட்டும் தப்புமா?

ஆச்சி ஒரு சோதனை சொன்னார்.

"ஏம்மா, கொஞ்சம் தூளைக் கையில் எடு. கையை மூடு. விரல் இடுக்கு வழியாக வாயால் சூடாக ஊது. உடனே கையைத் திறந்து முகர்ந்து பாரு."

மூச்சின் சூடும் ஈரமும் பட்டால் தேயிலையின் மணம் எழும்பும். புதுத் தேயிலையில் இனிய மணம் வரும். பழைய தேயிலையில் காய்ந்த வைக்கோல் வாசனை வரும், அல்லது ஒன்றுமே வராது. இலைத் தேயிலையாக இருந்தால் ஒடித்தும் பார்க்கலாம். நன்றாகக் காய்ந்த இலை படக்கென்று ஒடியும். ஈரம் ஏறிய இலை வளையும்.

ஈரம் மட்டும் லேசாக ஏறியிருந்தால், தேயிலையைச் சூடான தட்டில் பரப்பி உலர்த்திக்கொள்ளலாம். ஆனால் போன மணம் திரும்பி வராது. ஏறிய சோப்பு வாசனையும் போகாது. பூசணம் பிடித்த நாற்றம் இருந்தால் கொட்டிவிட வேண்டியதுதான். அக்காவுக்கு மூன்று கிலோவுக்கு மேல் நஷ்டம்.

இப்போது அக்கா ஒரு கிலோ, ஒரு கிலோவாகத்தான் வாங்குகிறார். அது நாலு நாளில் தீர்ந்துவிடும். இறுக்கமான மூடி உள்ள எவர்சில்வர் டப்பாவில் கொட்டி வைக்கிறார். அடுப்புக்குத் தள்ளி வைக்கிறார். ஈரக் கரண்டி போடுவதில்லை. கண்ணாடிப் பாட்டில் பார்க்க அழகுதான், ஆனால் வெளிச்சமும் மணத்தைக் கெடுக்கும். பழைய மசாலா டப்பாவைக் கழுவிப் பயன்படுத்தலாமா? கழுவிக் காய வைத்த டப்பாவை மூடி, ஒரு மணி நேரம் வெயிலில் வையுங்கள். பிறகு திறந்து முகருங்கள். மசாலா வாசனை வந்தால் அது தேயிலைக்கு ஆகாது.

"இழுக்கிற குணம்தானே கெடுதல் செய்தது? சோப்புக்குப் பதில் என் மல்லிகையைப் பக்கத்தில் வைத்திருந்தால்?" என்று ஆச்சி சிரித்தார்.

ஆச்சி விளையாட்டாகச் சொன்னார். ஆனால் இதைச் சீனாவில் பெரிய தொழிலாகவே செய்கிறார்கள். அங்கே ஃபூஜியான் மாகாணத்தில் ஃபூஜோ என்று ஒரு நகரம் உண்டு. மல்லிகைத் தேயிலைக்குப் பேர் போன ஊர். அவர்கள் பயன்படுத்தும் பூ வேறு எதுவும் இல்லை. நாம் தலையில் வைக்கும் குண்டுமல்லிதான்.

குண்டுமல்லி மொட்டில் மணம் அதிகம் இல்லை. மொட்டு விரியும்போதுதான் மணம் உண்டாகிறது. இரவு முழுவதும் மணக்கும், மறுநாள் வாடிவிடும். அதனால் அங்கே வேலையே பூவின் நேரப்படிதான் நடக்கிறது. அன்று இரவு விரியப்போகும் மொட்டுகளை வெயில் அடிக்கும் பிற்பகலில் பறிக்கிறார்கள். மழையில் நனைந்த மொட்டு ஆகாது. இரவு மொட்டுகள் வாய் திறக்கும் நேரத்தில் தேயிலையோடு கலந்து குவியலாக வைக்கிறார்கள். பூ மணத்தை விடும், தேயிலை இழுக்கும்.

சில மணி நேரத்தில் குவியல் சூடாகிவிடும். அப்படியே விட்டால் பூ வெந்து, தேயிலையில் புளித்த வாசனை ஏறும். ஆகவே நடு இரவில் எழுந்து குவியலைக் கலைத்து ஆற விடுகிறார்கள். திரும்பவும் குவிக்கிறார்கள். காலையில் பூவைச் சலித்து எடுத்துவிடுகிறார்கள். பூவின் ஈரத்தைக் குடித்த தேயிலையை மறுபடியும் உலர்த்துகிறார்கள். பிறகு புதுப் பூவோடு இன்னொரு இரவு. நல்ல ரகத்துக்கு இப்படிப் பல முறை செய்கிறார்கள். மொத்தத்தில் தேயிலையின் எடை அளவுக்கே பூ செலவாகும்.

இதை வீட்டில் சிறு அளவில் செய்து பார்க்கலாம். ஆனால் கடைப் பூ வேண்டாம். அது தலையில் வைக்க விளைந்த பூ. அதில் பூச்சி மருந்து இருக்கலாம். ஆச்சியே அப்படித்தான் சொன்னார். மருந்து அடிக்காத தொட்டிச் செடியின் குண்டுமல்லிதான் வேண்டும். மல்லி என்று பெயர் உள்ள வேறு செடியின் பூவைப் போடாதீர்கள். சில செடிகளில் விஷம் உண்டு.

50 கிராம் இலைத் தேயிலை எடுங்கள். பச்சைத் தேயிலை மிகவும் நல்லது. அதன் சொந்த மணம் மென்மையானது. அதனால் மல்லிகை மணம் எடுத்துக்காட்டும். மாலையில் ஒரு கைப்பிடி பெரிய வெள்ளை மொட்டுகளைப் பறித்துத் துணியில் பரப்புங்கள். தண்ணீர் தெளிக்காதீர்கள். இரவு எட்டு மணி வாக்கில் மொட்டு வாய் திறக்கும். அப்போது தேயிலையோடு கலந்து டப்பாவில் மூடி வையுங்கள். காலையில் எல்லாப் பூவையும் எடுத்துவிடுங்கள். தோசைக்கல்லைச் சுட வைத்து, அடுப்பை அணைத்து, அதன்மேல் சுத்தமான எவர்சில்வர் தட்டை வையுங்கள். அந்தத் தட்டில் தேயிலையைப் பரப்பி, இலை ஒடியும் பதம் வரும்வரை உலர்த்துங்கள். இப்படி மூன்று இரவு செய்யுங்கள். இதற்குப் பூக்காலம் ஆன ஏப்ரல், மே மாதங்கள் ஏற்றவை. மழைக்காலத்தில் தேயிலை காயாது.

இந்தத் தேயிலையைப் பாலும் இஞ்சியும் போட்டுக் கொதிக்க வைத்தால் மல்லிகை மணம் இருந்த இடம் தெரியாது. தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, இரண்டு நிமிடம் ஆற விடுங்கள். ஒரு டம்ளருக்கு ஒரு சிறு கரண்டி தேயிலை போட்டு மூடி வையுங்கள். மூன்று நிமிடம் கழித்து வடிகட்டுங்கள். மூடியைத் திறந்ததும் முதலில் மூடியின் அடிப்பக்கத்தை முகர்ந்து பாருங்கள்.