அறிவிப்பின் ஒரு வரியைக் காணொளியாக்குவது எப்படி?

“பணத்தைப் பெறுவதற்கு யூபிஐ பின் எண்ணை உள்ளிட வேண்டியதில்லை.” வங்கிகளின் பாதுகாப்பு அறிவிப்புகளில் இவ்வரி தவறாமல் இடம்பெறுகிறது. எனினும், முதன்முறையாகத் திறன்பேசி வாங்கியவருக்கு இது எந்தத் தருணத்தில் பயன்படும் என்பது விளங்குவதில்லை. அத்தருணத்தைக் கண்முன் நிறுத்துவதே காணொளியின் பணி. அறிவிப்பில் பத்து எச்சரிக்கைகள் இருக்கலாம். ஒரு காணொளிக்கு ஒன்றே போதும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஹைதராபாத்தின் உப்பல் பகுதியில் வசிக்கும் ஒருவர் பழைய கட்டிலை விற்க விளம்பரம் செய்திருக்கிறார் எனக் கொள்வோம்.

முதற்காட்சி: தொலைபேசியில் ஒருவர், “முன்பணமாக ரூ.2,000 அனுப்புகிறேன். நான் அனுப்பும் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யுங்கள், பணம் வந்துவிடும்” என்கிறார். பேச்சு இனிமையாகவே இருக்கட்டும். மிரட்டும் குரலை வைத்தால், மோசடிக்காரர் அப்படித்தான் பேசுவார் என்று பார்ப்பவர் எண்ணிவிடுவார்.

இரண்டாம் காட்சி: திறன்பேசித் திரை மட்டும். ஸ்கேன் செய்ததும் ரூ.2,000 என்ற தொகையும், அதன்பின் `ENTER UPI PIN` என்ற பக்கமும் தோன்றுகின்றன. இங்கே படத்தை ஐந்து விநாடி நிறுத்த வேண்டும். ஆங்கிலம் அறியாதவரும் பின் எண்ணுக்கான கட்டங்களின் வடிவத்தை மனத்தில் பதித்துக்கொள்வார். குரல் சொல்ல வேண்டியது: “இது பணம் வரும் வழியன்று; போகும் வழி.”

மூன்றாம் காட்சி: விற்பவர் பின் எண்ணை இடாமல் வெளியேறி, அழைப்பையும் துண்டிக்கிறார். செய்யக்கூடாததைச் சொல்லும் அறிவிப்பு, செய்ய வேண்டியதாக மாறுவது இக்காட்சியில்தான்.

சொல்லாட்சியில் ஓர் எச்சரிக்கை தேவை. “பின் எண் கேட்டாலே பணம் போகும்” என எழுதிவிடக் கூடாது. கணக்கின் இருப்பைப் பார்க்கவும் பின் எண் கேட்கப்படும்; மறுநாள் அதைக் காணும் பயனாளர் காணொளியையே நம்பமாட்டார். “பணம் பெறப் பின் எண் வேண்டாம்” என்பதே பிழையற்ற வாக்கியம்.

ஒரு நிமிடக் காணொளிக்கு எண்பது சொற்களே போதுமானவை. உப்பலில் தெலுங்கு, இந்தி, தமிழ் பேசுவோர் அருகருகே வாழ்கின்றனர். படத்தின்மேல் விளக்க எழுத்துகளைப் பதிக்காவிடில், அதே காட்சிகளுக்குக் குரலை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். எண் மட்டும் விதிவிலக்கு: பணம் போய்விட்டால் உடனே அழைக்க வேண்டிய 1930 என்ற தேசிய உதவி எண் இறுதியில் பெரிதாகத் தெரிய வேண்டும். தாமதமின்றிப் புகார் செய்தால், பணம் கைமாறுவதற்கு முன் முடக்க வாய்ப்புண்டு. வங்கிக்கும் அப்போதே தெரிவிக்க வேண்டும். வங்கியின் எண்ணை இணையத்தில் தேடாமல், பற்று அட்டையின் பின்புறத்தில் பார்க்குமாறு காட்டுவது நலம். தேடலில் போலி எண்கள் சிக்கக்கூடும்.

வெளியிடுமுன், புதிய பயனாளர் ஒருவருக்குக் காட்டி, “கட்டிலுக்குப் பணம் வர நீங்கள் என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள். “ஓடிபி சொல்லமாட்டேன்” என்றால், பழைய அறிவுரையையே ஒப்பிக்கிறார். இரண்டாம் காட்சியைத் திருத்துங்கள். “ஒன்றும் அழுத்தமாட்டேன், பணம் தானாக வரும்” என்றால், அவ்வரி அவரைச் சென்றடைந்துவிட்டது.