கத்திரி வெயிலில் யூரின் கல்ச்சர்: வீட்டில் சாம்பிள் எடுப்பவர்களுக்கு

அக்னி நட்சத்திரம் வந்தாலே நீர்க்கடுப்பும் கூடவே வந்துவிடுகிறது. உடம்பில் உள்ள தண்ணீர் வேர்வையாகப் போகிறது, குடிப்பதோ குறைவு. கடையிலும் கம்பெனியிலும் வேலை பார்க்கும் பெண்கள் பலர், நல்ல கழிப்பறை இல்லாத காரணத்தால் மாலை வரை தண்ணீர்ப் பாட்டிலைத் தொடுவதே இல்லை. சிறுநீர் சுண்டி, அடர் மஞ்சளாகி, போகும்போது எரிகிறது. வெறும் சூட்டினால் வந்த எரிச்சல் என்றால் தண்ணீரும் மோரும் இளநீரும் குடித்ததும் ஒரு நாளில் அடங்கிவிடும். அப்படி அடங்காமல், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை முட்டிக்கொண்டு வந்து சொட்டு மட்டும் போவது, நீர் கலங்கிப்போய் நாற்றம் அடிப்பது, அடிவயிறு வலிப்பது என்று இருந்தால் கிருமித் தொற்றாக இருக்கலாம். டாக்டரைப் பாருங்கள். அவர் யூரின் கல்ச்சர் எழுதிக்கொடுத்தால், கீழே உள்ளதைப் படித்துவிட்டு டப்பாவைத் திறங்கள்.

கல்ச்சர் என்பது சாதாரண யூரின் டெஸ்ட் போன்றது அல்ல. சர்க்கரை, புரதம் பார்க்கும் சோதனையில் சாம்பிள் கொஞ்சம் அசட்டையாக எடுக்கப்பட்டாலும் பெரிய கேடு இல்லை. கல்ச்சரில் கிருமியை ஒரு தட்டில் வளர்த்துப் பார்க்கிறார்கள். நீரில் இருந்தது சிறுநீர்ப்பையில் இருந்த கிருமியா, வெளித்தோலில் இருந்து ஒட்டிக்கொண்டதா என்று தட்டில் வளர்ந்த பிறகு கண்டுபிடிப்பது கடினம். ஆசனவாயைச் சுற்றிய தோலில் எப்போதும் இருக்கும் ஈ.கோலை என்ற கிருமிதான் சிறுநீர்த் தொற்றுக்கும் முதல் காரணம். இரண்டும் ஒரே கிருமி என்பதால் வித்தியாசம் சொல்ல லேபுக்கு இருக்கும் முக்கியமான வழி எண்ணிக்கை. ஒரு மில்லி சிறுநீரில் ஒரு லட்சமோ அதற்கு மேலோ இருந்தால் பொதுவாகத் தொற்று என்றும், சில ஆயிரம் மட்டும் இருந்தால் வெளியிலிருந்து வந்திருக்கலாம் என்றும் எடுத்துக்கொள்வார்கள். இந்த ஒரு லட்சம் என்ற கணக்கு 1950களில் அமெரிக்க டாக்டர் எட்வர்ட் காஸ் செய்த ஆய்வுகளிலிருந்து வந்தது. தொந்தரவு உள்ள பெண்களிடம் இதைவிடக் குறைந்த எண்ணிக்கையும் தொற்றாக இருக்கலாம் என்பது பின்னால் தெரிந்தது. ஆனாலும் இன்றும் ரிப்போர்ட்டுகளில் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான்.

இந்த எண்ணைத்தான் மே மாத வெயில் மாற்றிவிடுகிறது. ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு பெண் காலை 8 மணிக்கு வீட்டில் சாம்பிள் எடுக்கிறார். அவருக்குத் தொற்று இல்லை. கழுவாமல் எடுத்ததால் தோலிலிருந்து மில்லிக்கு 1,000 கிருமிகள் சேர்ந்துவிட்டன. லேபில் சாம்பிளை எடுத்துத் தட்டில் பூச ஒரு சிறிய வளையக் கம்பி வைத்திருப்பார்கள். பல லேப்களில் அதில் நிற்பது ஒரு மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஆகவே 8 மணிக்கே பூசியிருந்தால் தட்டில் மறுநாள் ஒரே ஒரு புள்ளி வளர்ந்திருக்கும். தொற்று இல்லை என்று ரிப்போர்ட் வந்திருக்கும். ஆனால் அவர் சமையலை முடித்து, பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்து, டப்பாவைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி லேபுக்கு வரும்போது மணி 12. சிறுநீர் கிருமிக்கு நல்ல சாப்பாடு. அரை மணிக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது என்று வைத்துக்கொண்டால் நான்கு மணி நேரத்தில் எட்டு முறை இரட்டித்திருக்கும். ஆயிரம் 2,56,000 ஆகிவிட்டது. தட்டில் 256 புள்ளிகள். ரிப்போர்ட்டில் ஈ.கோலை, ஒரு லட்சத்துக்கு மேல் என்று வரும். தேவையே இல்லாத ஆன்டிபயாடிக்கை அவர் ஐந்து நாள் சாப்பிடுவார், எரிச்சலுக்கு உண்மையான காரணம் அப்படியே இருக்கும்.

லேபில் கிருமியை வளர்க்கும் இன்குபேட்டர் பெட்டி 35 முதல் 37 டிகிரிச் சூட்டில் இருக்கும். மே மாதம் மதியம் வேலூரிலோ திருச்சியிலோ நம் வீட்டு அலமாரியிலும் ஏறக்குறைய அதே சூடுதான். வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டு சூடு இன்னும் மோசம், அங்கே கிருமி செத்தே போய்விடலாம். அப்போது உண்மையான தொற்று இருந்தும் ஒன்றும் இல்லை என்று ரிப்போர்ட் வரும்.

எனவே இந்தப் பருவத்தில் முதலில் முடிவு செய்ய வேண்டியது, வீட்டில் எடுக்கலாமா லேபிலேயே எடுக்கலாமா என்பது. எடுத்த ஒரு மணி நேரத்தில், மிஞ்சிப்போனால் இரண்டு மணி நேரத்தில், சாம்பிளை லேபில் கொடுத்துவிட முடியும் என்றால் வீட்டில் எடுங்கள். முடியாது, வீட்டில் ஃபிரிட்ஜும் இல்லை என்றால் லேபுக்குப் போய் அங்கேயே எடுப்பதுதான் சரி. ஃபிரிட்ஜ் இருந்தால் டப்பாவை இறுக மூடி, ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, மாவுச் சட்டிக்குப் பக்கத்தில் அல்லாமல் தனியாக ஒரு டிபன் பாக்ஸுக்குள் வைத்துக் கீழ்த்தட்டில் வையுங்கள். 24 மணி நேரம் வரை தாங்கும். ஃபிரீசரில் வைக்கவே கூடாது. எடுத்துச் செல்லும்போது பையில் ஒரு ஐஸ் பேக்கோ, தண்ணீர் பாக்கெட்டை உறைய வைத்ததோ கூட இருக்கட்டும், வழியில் சூடேறினால் ஃபிரிட்ஜில் வைத்த பலன் போய்விடும். சில லேப்களில் போரிக் அமிலப் பொடி போட்ட டப்பா தருவார்கள். கிருமி பெருகாமல் அது தடுத்து வைக்கும். அதைக் கொட்டிவிடாதீர்கள், டப்பாவில் போட்டிருக்கும் கோடு வரை நீரை நிரப்ப வேண்டும். குறைவாக எடுத்தால் மருந்தின் வீரியம் கூடிப்போய்க் கிருமியையே கொன்றுவிடலாம்.

டப்பாவை லேபிலோ மருந்துக்கடையிலோ வாங்குங்கள். கிருமி நீக்கி, சீல் வைத்து, திருகு மூடியுடன் வரும். வீட்டில் இருக்கும் மாத்திரை டப்பாவையும் ஜாம் பாட்டிலையும் வெந்நீரில் எவ்வளவு கழுவினாலும் கல்ச்சருக்கு ஆகாது. பெயர், வயது, தேதி, எடுத்த நேரம் ஆகியவற்றை டப்பாவின் உடலில் எழுதுங்கள், மூடியில் எழுதினால் லேபில் மூடி மாறும்போது பெயரும் மாறிவிடும். எழுதுவதை நீர் எடுப்பதற்கு முன்பே முடித்துவிட்டால் நனைந்த டப்பாவில் பேனா வழுக்காது.

காலையில் எழுந்ததும் முதலில் போகும் நீர் நல்லது. இரவு முழுக்கப் பையில் தங்கியதால் கிருமி இருந்தால் அதில் போதுமான அளவு இருக்கும். அது முடியாவிட்டால் கடைசியாகப் போனதிலிருந்து இரண்டு மூன்று மணி நேரம் கழித்து எடுங்கள், கடுப்பு தாங்காதவர்கள் முடிந்த அளவு பொறுத்தால் போதும். டெஸ்ட் இருக்கிறதே என்று சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்துவிட்டு எடுப்பவர்கள் உண்டு. அப்படிக் குடித்தால் நீர் நீர்த்துப்போய், இருக்கும் கிருமியும் குறைவாகத் தெரியும். மற்ற நேரத்தில் நிறையக் குடியுங்கள், எடுப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரம் மட்டும் வேண்டாம். முக்கியமாக, ஆன்டிபயாடிக் மாத்திரையின் முதல் வேளையைப் போடுவதற்கு முன் சாம்பிளை எடுத்துவிட வேண்டும். கடையில் கேட்டு வாங்கி ஏற்கெனவே ஒரு மாத்திரை போட்டிருந்தால் மறைக்காமல் மாத்திரையின் பெயரை லேபிலும் டாக்டரிடமும் சொல்லுங்கள்.

இனி எடுக்கும் விதம். சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள். பெண்கள் கழிப்பறையில் கால்களை நன்றாக அகட்டி உட்கார்ந்து, சாதாரணத் தண்ணீரால் முன்னிருந்து பின்னாகக் கழுவ வேண்டும். பின்னிருந்து முன்னாகக் கழுவினால் ஆசனவாய்க் கிருமியை நாமே கொண்டுவந்து சேர்க்கிறோம். டெட்டால் போன்ற மருந்துத் தண்ணீர் வேண்டாம், அதன் துளி டப்பாவில் விழுந்தால் உள்ளே இருக்கும் கிருமியைக் கொன்று பொய்யான ரிப்போர்ட் தரும். சுத்தமான துணியாலோ டிஷ்யூவாலோ ஒற்றி ஈரத்தை எடுங்கள். பிறகு இடது கையின் இரண்டு விரல்களால் பெண்ணுறுப்பின் இதழ்களைப் பிரித்துப் பிடியுங்கள். எடுத்து முடியும் வரை அந்த விரல்களை எடுக்கக் கூடாது, ஏனென்றால் இதழ் மூடிக்கொண்டால் நீர் தோலில் பட்டு வழிந்துதான் டப்பாவில் விழும். பல சாம்பிள்கள் இந்த இடத்தில்தான் கெடுகின்றன. ஆண்களுக்கு வேலை சுலபம்: முன்தோலைப் பின்னுக்குத் தள்ளி, நுனியைத் தண்ணீரில் கழுவி ஒற்றிக்கொண்டால் போதும்.

முதலில் வரும் நீரைக் கழிப்பறையிலேயே விடுங்கள். சிறுநீர்க் குழாயின் வாயில் ஒட்டியிருக்கும் கிருமிகளை அது அடித்துக்கொண்டு போய்விடும். இரண்டு மூன்று நொடி போனதும், நிறுத்தாமல், வலது கையிலிருக்கும் டப்பாவைத் தாரைக்குக் கீழே கொண்டுபோங்கள். டப்பாவில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை, ஏறத்தாழ 20 மில்லி பிடித்ததும் டப்பாவை வெளியே எடுத்துவிட்டு மீதியைக் கழிப்பறையில் விடலாம். டப்பாவின் விளிம்பு உடம்பில் படக் கூடாது, உள்ளே விரல் போகக் கூடாது. மூடியைக் கழற்றிக் கீழே வைக்கும்போது உட்பக்கம் மேலே பார்க்கட்டும். குந்தி உட்காரும் கழிப்பறையில் டப்பாவைப் பிடிப்பது முதியவர்களுக்குச் சிரமம், வீட்டில் ஒருவர் கூட நின்று மூடியையாவது வாங்கிக்கொண்டால் நல்லது. வேறு பாத்திரத்தில் பிடித்து டப்பாவில் ஊற்றிக் கொடுக்காதீர்கள்.

மாதவிலக்கு நாட்களில், அவசரம் இல்லையென்றால் அது முடிந்த பிறகு எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அப்போதே எடுத்தாக வேண்டும் என்றால் சுத்தமான பஞ்சால் யோனி வாயை மூடிக்கொண்டு எடுத்து, லேபிலும் சொல்லிவிடுங்கள். கைக்குழந்தைகளுக்கு மேலே சொன்ன முறை சரிப்படாது, ஆஸ்பத்திரியிலேயே எடுக்கட்டும்.

ரிப்போர்ட் வர இரண்டு மூன்று நாள் ஆகும். கிருமி வளர ஒரு நாள், எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று பார்க்க இன்னொரு நாள். அதில் பல வகைக் கிருமிகள் கலந்து வளர்ந்துள்ளன, மறுபடி சாம்பிள் தரவும் என்று எழுதியிருந்தால், அது பெரும்பாலும் தோல் கிருமி சேர்ந்ததற்கோ சாம்பிள் சூட்டில் கிடந்ததற்கோ அடையாளம். மைக்ராஸ்கோப்பில் தட்டையான தோல் செல்கள் நிறைய என்று வந்தாலும் அதே சந்தேகம்தான். அந்த ரிப்போர்ட்டை வைத்து மருந்து சாப்பிடாமல், இன்னொரு முறை எடுத்துக் கொடுங்கள்.

கர்ப்பிணிகள் தங்களுக்கு எரிச்சலே இல்லை என்று இந்த டெஸ்டைத் தள்ளிப்போட வேண்டாம். தொந்தரவு இல்லாமல் சிறுநீரில் கிருமி இருந்தாலும் கர்ப்ப காலத்தில் மருந்து கொடுப்பார்கள், ஏனென்றால் அது சிறுநீரகம் வரை ஏறக்கூடும். மருந்து முடிந்த பிறகு மறுபடி சாம்பிள் கேட்டால் அதையும் இதே முறையில் எடுத்துக் கொடுங்கள்.

குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல், விலாவுக்குக் கீழே முதுகு வலி, வாந்தி, சிறுநீரில் ரத்தம், நீர் அடைத்துக்கொள்வது, முதியவர்களுக்குத் திடீர்க் குழப்பம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் காலை நீருக்காக வீட்டில் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சாம்பிளை அங்கே எடுத்துக்கொள்வார்கள்.