பிள்ளைக்குக் குளிருதா, புழுங்குதா? நெஞ்சு சொல்லும்

விருதுநகர் பக்கத்துக் கிராமங்களில் சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்த காலத்தில், பிள்ளை பெற்ற வீடுகளில் நான் அதிகம் கேட்டது ஒரே பேச்சுதான். “கை காலெல்லாம் ஜில்லுன்னு இருக்கு நர்சம்மா, பிள்ளைக்குக் குளிருது.” சித்திரை வெயிலிலும் இதையேதான் சொல்வார்கள். சொன்ன கையோடு இன்னொரு டவலைச் சுற்றுவார்கள், காலுக்குச் சாக்ஸ் மாட்டுவார்கள், மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள்.

அந்தப் பயம் வீணானதல்ல. பிறந்த குழந்தை ஈரத்தோடு வெளியே வருகிறது. முதல் சில மணி நேரத்தில் உடல் சூட்டை மளமளவென இழக்கும். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கும் இரண்டரை கிலோவுக்குக் குறைவான பிள்ளைக்கும் இந்த ஆபத்து பல நாள் நீடிக்கும். ஆனால் நிறைமாதத்தில், நல்ல எடையோடு பிறந்து வீடு வந்துவிட்ட பிள்ளைக்கும் அதே கவனிப்பைக் கோடையில் தொடர்ந்தால், பிள்ளையின் உடம்பில் சூடு ஏறிவிடும்.

கை கால் ஏன் ஜில்லென்று இருக்கிறது?

பச்சைப்பிள்ளையின் ரத்த ஓட்டம் இன்னும் முழுதாகப் பக்குவப்படவில்லை. உடம்பு ரத்தத்தை முதலில் மூளை, இதயம் போன்ற முக்கிய உறுப்புகளுக்கு அனுப்பும். உள்ளங்கைக்கும் பாதத்துக்கும் மிச்சம்தான் போய்ச் சேரும். அதனால் உடம்பு சரியான சூட்டில் இருக்கும்போதே கையும் காலும் குளிர்ந்திருக்கும். முதல் சில நாள் லேசாக நீலம் பாய்ந்தும் தெரியலாம். உதடும் நாக்கும் நீலமானால் அது வேறு. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயம்.

பாதத்தைத் தொட்டே பார்க்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பிறந்த முதல் ஒன்றிரண்டு நாளிலும், எடை குறைந்த பிள்ளையிடமும், ஜில்லிட்ட பாதம் குளிர் ஏறுவதன் முதல் அறிகுறியாக இருக்கலாம். அப்போது பிள்ளையைத் தாயின் வெற்று மார்போடு அணைத்து, மேலே ஒரு துணி போர்த்தி, பால் கொடுத்துவிட்டு மறுபடியும் தொட்டுப் பார்க்க வேண்டும். மற்றபடி துணியைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவு செய்ய வேண்டிய இடம் நெஞ்சு.

தொட்டுப் பார்க்கும் முறை

முதலில் உங்கள் கையைக் கவனியுங்கள். பாத்திரம் கழுவிவிட்டு வந்த ஈரக் கைக்கு எந்தப் பிள்ளையும் காய்ச்சல் பிள்ளையாகத்தான் தெரியும். அடுப்படியிலிருந்து வந்த சூடான கைக்கு, சரியாக இருக்கும் பிள்ளையும் குளிர்ந்ததாகத் தெரியும். கையைத் துடைத்து, இரண்டு நிமிடம் பொறுத்து, புறங்கையால் தொடுங்கள்.

சட்டைக்குள் கையை விட்டு நடு நெஞ்சில் வையுங்கள். அடுத்து பின்கழுத்திலிருந்து தோள்பட்டை நடுவரை தடவிப் பாருங்கள். நெஞ்சு இதமான வெதுவெதுப்பாகவும் பின்கழுத்து உலர்ந்தும் இருந்தால், பாதம் ஜில்லென்றிருந்தாலும் பிள்ளை நன்றாக இருக்கிறது. நெஞ்சு சுடச்சுட இருந்தாலோ, கழுத்து மடிப்பும் பின்தலை முடியும் பிசுபிசுத்தாலோ ஒரு துணியைக் குறையுங்கள். நெஞ்சே குளிர்ந்திருந்தால் ஒரு துணியைக் கூட்டுங்கள், அல்லது தாய் மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். எதைச் செய்தாலும் கால் மணி நேரம் கழித்து மறுபடியும் பாருங்கள்.

பால் குடித்த உடனே தொட்டால் தாயின் உடல் சூடும் சேர்ந்து தெரியும். கதறி அழுத பிள்ளையின் உடம்பும் கொஞ்ச நேரம் சூடாகவே இருக்கும். கீழே கிடத்தி, சற்று அடங்கிய பிறகு பாருங்கள்.

வியர்வையை மட்டும் நம்பாதீர்கள். பச்சைப்பிள்ளைக்குப் பெரியவர்கள் மாதிரி வியர்க்காது. குறைமாதப் பிள்ளைக்கு முதல் நாட்களில் வியர்வையே வராமல் போகலாம். வியர்க்கவில்லை என்பதற்காகப் புழுக்கம் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

காய்ச்சலென்று கூப்பிட்ட வீடு

கத்திரி வெயில் நேரம். பிறந்து ஐந்தாம் நாள் ஆன பெண் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கூப்பிட்டிருந்தார்கள். நிறைமாதம், பிறந்த எடை 2.9 கிலோ. மத்தியான வேளையில் கான்கிரீட் கூரை போட்ட அறையின் ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியையும் நிறுத்தியிருந்தார்கள். பிள்ளைக்குப் பருத்திச் சட்டை, அதன்மேல் ஃபிளானல் சட்டை, தலைக்குக் குல்லா, கைக்கு உறை, காலுக்குச் சாக்ஸ், எல்லாவற்றுக்கும் மேல் பூந்துவாலை.

“காலையிலிருந்து நல்லா தூங்குது நர்சம்மா, பால் குடிக்கத்தான் எந்திரிக்க மாட்டேங்குது” என்றார் பாட்டி. எனக்குக் கவலை தந்தது அந்தத் தூக்கம்தான். சூடு ஏறிய பிள்ளை முதலில் சிணுங்கும், முகம் சிவக்கும், மூச்சு வேகமாகும். இன்னும் ஏறினால் சோர்ந்து படுத்துவிடும். சுற்றி வைத்ததால்தான் அமைதியாகத் தூங்குகிறது என்று வீட்டார் நினைத்துக்கொள்வார்கள். தூங்குகிற பிள்ளை பால் குடிக்காது. பால் குறைந்தால் உடம்பில் நீர் வற்றி, சூடு மேலும் ஏறும். மஞ்சள் காமாலையும் கூடலாம்.

அக்குளில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் வைத்தேன். 100.6 டிகிரி ஃபாரன்ஹீட். அக்குளில் 97.7 முதல் 99.5 வரை இருந்தால் சரியான சூடு. சாக்ஸைக் கழற்றிப் பாதத்தைத் தொட்டேன். நெஞ்சுக்குச் சமமாகச் சுட்டது, நன்றாகச் சிவந்தும் இருந்தது. இது ஒரு முக்கியமான துப்பு. வெளிப் புழுக்கத்தால் சூடேறும்போது உடம்பு அந்தச் சூட்டை வெளியே தள்ளப் பார்க்கும். அதற்காகக் கை கால்வரை ரத்தத்தை அனுப்பும். கிருமித் தொற்றால் வரும் காய்ச்சலில் பெரும்பாலும் நெஞ்சு கொதிக்கும், பாதம் குளிர்ந்திருக்கும். ஆனாலும் இந்தத் துப்பை மட்டும் வைத்துத் தொற்று இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

குல்லா, உறை, ஃபிளானல், துவாலை எல்லாவற்றையும் கழற்றினோம். பருத்திச் சட்டை மட்டும் இருந்தது. பிள்ளையை முன்னறைக்கு மாற்றி, ஜன்னலைத் திறந்து, நேரே படாதபடி மின்விசிறியை ஓட விட்டோம். பாதத்தை நீவி எழுப்பி மார்பில் போட்டோம். முதலில் சோம்பினாள், பிறகு பிடித்து நன்றாக இழுத்துக் குடித்தாள். அரை மணி நேரம் கழித்து 99 டிகிரி. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் போனில் விவரம் சொன்னேன். ஒரு மணி நேரத்தில் மீண்டும் பார்க்கச் சொன்னார். பார்த்தபோது சூடு ஏறவில்லை. மறுநாள் எடை பார்த்தோம், சிறுநீர் எத்தனை முறை போகிறது என்று கணக்கு வைக்கச் சொன்னேன். பிள்ளை நன்றாகவே இருந்தாள்.

அரை மணி நேரத்துக்குப் பிறகும் 100.4 டிகிரியோ அதற்கு மேலோ இருந்திருந்தால், எவ்வளவு சுறுசுறுப்பாகத் தெரிந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேன். மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு அந்தச் சூட்டில் வீட்டு வைத்தியமோ, கையிலிருக்கும் காய்ச்சல் மருந்தோ கொடுக்கக் கூடாது. துணியைத் தளர்த்தியும் பால் குடிக்க மறுத்தால், நிமிடத்துக்கு 60 முறையோ அதற்கு மேலோ மூச்சு வாங்கினால், துவண்டு கிடந்தால் அரை மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம். மூச்சை எண்ணும்போது பிள்ளை அழாமல் இருக்கும் வேளையில் முழு நிமிடமும் எண்ணுங்கள். பச்சைப்பிள்ளையின் மூச்சு ஒரே சீராக இருக்காது. சூட்டைத் தணிக்கப் பச்சைத் தண்ணீரில் குளிப்பாட்டுவதும், ஐஸ் வைப்பதும், சங்கில் தண்ணீர் புகட்டுவதும் வேண்டாம். தாய்ப்பாலிலேயே தேவையான நீர் இருக்கிறது. அடிக்கடி கொடுத்தால் போதும்.

எவ்வளவு துணி போதும்?

அந்த அறையில் நீங்கள் இதமாக உணர என்ன உடுத்துவீர்களோ, அதைவிட ஒரு அடுக்கு மட்டும் கூடுதலாக என்பதுதான் பொதுக் கணக்கு. நம் ஊர்க் கோடையில் அந்த ஒன்றும் தேவைப்படாது. மெல்லிய பருத்திச் சட்டை ஒன்றே போதும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும், ஏசி அறையிலும் கணக்கு மாறும். அங்கேயும் முடிவு சொல்ல வேண்டியது நெஞ்சுதான்.

அடுக்கை எண்ணும்போது மடிப்பையும் எண்ணுங்கள். பழைய வேட்டியை நான்காய் மடித்துச் சுற்றினால் அது நான்கு துணி. தூளியின் இரு பக்கமும் காற்றை மறைக்கும். அதனால் தூளியில் போடும்போது தரையில் கிடத்துவதைவிடக் குறைவாக உடுத்துங்கள். துணியால் சுற்றிய பிள்ளையைத் தூளியில் போடவே வேண்டாம். முகம் எப்போதும் கண்ணில் படும்படி இருக்க வேண்டும்.

குல்லாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெரியவர்களின் உடற்பரப்பில் தலை பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பச்சைப்பிள்ளைக்கு அது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. உடம்பெல்லாம் மூடிக் கிடக்கும் பிள்ளைக்குச் சூட்டை வெளியே விட மிஞ்சிய வாசல் தலை ஒன்றுதான். பிறந்த முதல் சில மணி நேரத்துக்கும், எடை குறைந்த பிள்ளைக்கும், குளிரில் வெளியே கொண்டுபோகும்போதும் குல்லா நல்லது. வீட்டுக்குள் தூங்கும் பிள்ளைக்கு வேண்டாம். தூக்கத்தில் சூடு மிகுவதும், குல்லாவோ போர்வையோ நழுவி முகத்தை மூடுவதும், பச்சைப்பிள்ளைகள் தூக்கத்திலேயே திடீரென இறந்துபோகும் ஆபத்தைக் கூட்டுகின்றன.

சுற்றித்தான் தூங்குவான் என்றால்

சில பிள்ளைகள் கை உதறித் திடுக்கிட்டு விழிக்கும், சுற்றினால் அடங்கும். அப்படிச் சுற்றுவதில் தவறில்லை. ஒற்றை மெல்லிய பருத்தித் துணியை எடுத்துக்கொள்ளுங்கள். அதையும் ஓர் அடுக்காகக் கணக்கில் சேர்த்து, உள்ளே ஒரு சட்டையைக் குறையுங்கள். துணி தோளுக்கு மேலே வரக் கூடாது. நெஞ்சுக்கும் துணிக்கும் நடுவே உங்கள் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். இடுப்புக்குக் கீழே தளர்வாக விட்டு, பிள்ளை தவளைபோல் காலை மடக்கி விரிக்க இடம் கொடுங்கள். காலை நீட்டி இறுக்கினால் இடுப்பு மூட்டு விலகக்கூடும். மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும். பிள்ளை ஒருக்களித்துப் புரள முயலும் அன்றே சுற்றுவதை நிறுத்திவிடுங்கள். சில பிள்ளைகள் இரண்டு மாதத்திலேயே அந்த முயற்சியைத் தொடங்கிவிடும். சுற்றிய நிலையில் குப்புறக் கவிழ்ந்தால் கையை ஊன்றி முகத்தைத் திருப்ப முடியாது.

இராத்திரியில் பால் கொடுக்க எழும்போதெல்லாம் ஒருமுறை சட்டைக்குள் கைவிட்டு நெஞ்சையும் பின்கழுத்தையும் பாருங்கள். விடியற்காலையில் குளிர்ந்தால் ஒரு துணி கூட்டலாம், கரண்ட் போய் அறை புழுங்கினால் ஒன்றைக் கழற்றலாம். பாட்டி டவலோடு வந்து நின்றால் வாக்குவாதம் வேண்டாம். அவர் கையைப் பிடித்துப் பிள்ளையின் நெஞ்சில் வையுங்கள். நான் போன வீடுகளில், நெஞ்சைத் தொட்டுப் பார்த்த பாட்டிகள்தான் அடுத்த நிமிடம் ஜன்னலைத் திறந்துவிட்டார்கள்.