ஸ்கிரீன்ஷாட்டில் இருக்கும் கியூஆர் கோடு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பௌர்ணமி நெருங்கும்போது கிரிவலப் பாதை அன்னதானத்துக்கு நன்கொடை கேட்டு வாட்ஸ்அப்பில் நோட்டீஸ்கள் சுற்றும். திருவண்ணாமலையில் ஒரு பிரவுசிங் சென்டரில் பார்த்தேன். ஒருவர் அப்படி ஒரு நோட்டீஸின் ஸ்கிரீன்ஷாட்டைக் கம்ப்யூட்டரில் திறக்கச் சொல்லி, "இந்தக் கோடு யாருக்குப் போகுதுன்னு பாருங்கண்ணே" என்றார். கடைக்காரர் போனை எடுத்து மானிட்டருக்கு நேராகப் பிடித்தார். திரையின் கோடுகள் அலையலையாகத் தெரிந்ததே தவிர, எதுவும் வரவில்லை.

நம்பிக்கை: கேமரா இருந்தால்தான் கியூஆர் கோடைப் படிக்க முடியும்.

கேமராவின் வேலை படம் எடுப்பதோடு முடிந்துவிடுகிறது. படத்தில் கோடைத் தேடிப் படிப்பது மென்பொருள். ஸ்கிரீன்ஷாட் ஏற்கெனவே படம்தான். சாய்வு, நிழல், கை நடுக்கம் எதுவும் அதில் கிடையாது. லினக்ஸ் கம்ப்யூட்டரில் zbar-tools நிறுவியிருந்தால் ஒரே வரி போதும்:

```
zbarimg --raw -q annadhanam.png
upi://pay?pa=annadhanam@examplebank&pn=Arunachala%20Annadhanam&cu=INR
```

முதல் வரி நாம் தருவது, இரண்டாவது வரி கோடுக்குள் இருப்பது (இங்கே முகவரி கற்பனை). எதையும் நிறுவ விருப்பமில்லை என்றால், படத்தை குரோமில் திறந்து, ரைட் கிளிக் செய்து, கூகுள் லென்ஸில் தேடலாம். ஆனால் அப்போது படம் கூகுளுக்குப் போகிறது.

நம்பிக்கை: படிக்கவில்லை என்றால் பெரிதாக்கினால் சரியாகிவிடும்.

மேலே உள்ள முகவரி 69 எழுத்து. சராசரி பிழைதிருத்த அளவில் அதற்கு 37-க்கு 37 கட்டம் உள்ள கோடு வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டில் கோடின் அகலம் 150 பிக்சல் என்றால் ஒரு கட்டத்துக்கு நான்கு பிக்சல் கிடைக்கும், அது தாராளம். நோட்டீஸின் மூலையில் சுருங்கி 60 பிக்சல்தான் இருக்கிறது என்றால் ஒரு கட்டத்துக்கு இரண்டு பிக்சல்கூட இல்லை. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கும்போது அந்தக் கட்டங்கள் ஒன்றோடொன்று கரைந்துவிடும். அதற்குப் பிறகு பெரிதாக்கினால் மங்கல்தான் பெரிதாகும். அசல் நோட்டீஸை முழு அளவில் திறந்து, அங்கேயே ஜூம் செய்து புதிதாக ஸ்கிரீன்ஷாட் எடுப்பதுதான் வழி.

பிக்சல் போதுமான அளவு இருந்தும் படிக்கவில்லையா? ஓரத்தைப் பாருங்கள். கோடைச் சுற்றி நான்கு கட்ட அகலத்துக்கு வெற்றிடம் இருக்க வேண்டும். அழகுக்காக ஒட்ட வெட்டிய படத்தில் அது இருக்காது. பெயிண்டில் சுற்றிலும் வெள்ளை ஓரம் சேர்த்துச் சேமித்தால் பல நேரம் உடனே படித்துவிடும். மூன்று மூலைகளில் உள்ள சதுரங்களில் ஒன்று வெட்டுப்பட்டிருந்தால் மட்டும் நம்பிக்கை வேண்டாம். அந்தச் சதுரங்களை வைத்துத்தான் மென்பொருள் கோடு இருக்கும் இடத்தையே கண்டுபிடிக்கிறது. பிழைதிருத்தம் அதற்கு உதவாது.

நம்பிக்கை: கோடைப் படித்தாலே பணம் போய்விடும்.

போகாது. படித்தால் வருவது வெறும் எழுத்து. பணம் செலுத்தும் ஆப்பில் நீங்கள் உறுதிசெய்யும்போதுதான் பணம் நகர்கிறது. அதனால் கம்ப்யூட்டரில் முதலில் எழுத்தாகப் பார்ப்பது பாதுகாப்பானது. நோட்டீஸில் கோபுரப் படம் இருந்தாலும், உள்ளே என்ன முகவரி என்பது கண் முன்னே வந்துவிடும்.

ஆனால் எதைப் பார்ப்பது? `pn=` என்பதற்குப் பின்னால் வருவது கோடை உருவாக்கியவர் தாமே எழுதிக்கொண்ட பெயர். அங்கே அருணாசலேஸ்வரர் பெயரை யார் வேண்டுமானாலும் எழுதலாம். `pa=` என்பதற்குப் பின்னால் வருவதுதான் பணம் போகும் முகவரி. அதற்கு உரியவர் யார் என்பது ஆப்பில் பணம் அனுப்பும் முன் தெரியும். கோடில் எழுதியிருக்கும் பெயரைக் காட்டாமல், வங்கிப் பதிவில் உள்ள பெயரையே காட்ட வேண்டும் என்று என்பிசிஐ 2025-இல் எல்லா யுபிஐ ஆப்களுக்கும் உத்தரவிட்டது. நோட்டீஸில் அறக்கட்டளை என்றும் ஆப்பில் தனிநபர் பெயரும் வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை: எந்த ஸ்கிரீன்ஷாட்டையும் ஆன்லைன் தளத்தில் ஏற்றிப் படித்துக்கொள்ளலாம்.

நன்கொடை நோட்டீஸ் ஊரறிந்த விஷயம், அதை ஏற்றினால் பாதகமில்லை. `otpauth://` என்று தொடங்கும் கோடு அப்படியல்ல. ஈமெயில் போன்ற கணக்குகளின் இரண்டாம் கட்டப் பாதுகாப்புக்கான ரகசியச் சாவி அதற்குள் முழுசாக இருக்கிறது. நீங்கள் அதை மாற்றும்வரை செல்லும். இப்படிப்பட்ட படத்தை உங்கள் சொந்தக் கம்ப்யூட்டரிலேயே படியுங்கள். பிரவுசிங் சென்டரில் திறக்க நேர்ந்தால், கிளம்பும் முன் டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலிருந்தும் ரீசைக்கிள் பின்னிலிருந்தும் அழித்துவிடுங்கள்.